24 செ.மீ.: எங்கிருந்து எண்ணியது?

ஒரு மாணவனின் உடற்தகுதி அட்டையில் 'சிட் அண்ட் ரீச்: 24' என்று எழுதியிருக்கிறது. இதை மட்டும் வைத்து அவன் உடம்பு வளையுமா வளையாதா என்று சொல்ல முடியாது. பாதம் முட்டும் இடத்தை 23 என்று குறித்த பெட்டியில் அளந்திருந்தால் விரல் பாதத்தைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் போயிருக்கிறது. கனடா நாட்டுப் பெட்டியில் அந்த இடம் 26. அப்படியானால் பாதத்துக்கு 2 செ.மீ. முன்பே விரல் நின்றுவிட்டது. ஐரோப்பியப் பள்ளிகளின் யூரோஃபிட் பெட்டியில் அது 15. அங்கே 24 என்றால் பாதத்துக்கு அப்பால் 9 செ.மீ. பாதத்தையே சுழியமாக வைத்து, எட்டாதவர்களுக்குக் கழித்தல் குறி போடும் முறையும் நம் பள்ளிகளில் உண்டு. அந்த முறையில் 24 வாங்குகிற பையன் சாதாரணப் பையன் இல்லை.

ஆரல்வாய்மொழியில் ஒரு பள்ளியிலிருந்து நாகர்கோவிலில் இன்னொரு பள்ளிக்கு மாறிய பிள்ளையின் எண் ஒரே வருடத்தில் 8 செ.மீ. ஏறியிருந்தால், பயிற்சி நன்றாக நடந்திருக்கிறது என்று மகிழ்வதற்கு முன் இரண்டு பெட்டிகளையும் பார்க்க வேண்டும். 15 என்ற பெட்டியிலிருந்து 23 என்ற பெட்டிக்கு வந்தாலே அந்த 8 கிடைத்துவிடும். இந்தத் தேர்வைப் பற்றிய குழப்பத்தில் பாதி இந்த ஒரு கோட்டில் இருக்கிறது. மீதிப் பாதி, அந்த எண் எதை அளக்கிறது என்ற கேள்வியில்.

தேர்வுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கேத்தரின் வெல்ஸ், ஈவ்லின் டில்லன் என்ற இரண்டு அமெரிக்க ஆசிரியைகள் 1952இல் இதை வெளியிட்டபோது, முதுகும் காலும் எவ்வளவு நெகிழும் என்பதைக் காட்டும் தேர்வு என்றுதான் சொன்னார்கள். 1980இல் அமெரிக்க உடற்கல்விச் சங்கத்தின் ஆரோக்கிய உடற்தகுதித் தொகுப்பில் இது இடம்பிடித்தது. கீழ்முதுகு வலி வராமல் இருக்க இந்த நெகிழ்வு தேவை என்ற நம்பிக்கை அப்போது பரவலாக இருந்தது. அங்கிருந்து உலகம் முழுக்கப் போய், இன்று நம் பள்ளிகளில் கேலோ இந்தியா உடற்தகுதி மதிப்பீட்டில், ஒன்பது வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு உடல் நிறைக் குறியீடு, 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், வயிற்றுத் தசைக்கான கர்ல் அப், புஷ் அப் ஆகியவற்றோடு ஒன்றாக நிற்கிறது. நெகிழ்வுக்கென்று அந்தத் தொகுப்பில் இருப்பது இது ஒன்றுதான். அதனால் இந்த ஓர் எண்ணின் தலையில் மொத்த உடம்பின் நெகிழ்வையும் ஏற்றிவிடுகிறோம்.

ஆனால் அளந்து பார்த்தவர்கள் வேறு கதை சொன்னார்கள். 1986இல் ஜாக்சன், பேக்கர் இருவரும் 13 முதல் 15 வயதுப் பெண் பிள்ளைகளை இந்தத் தேர்விலும், கூடவே தொடையின் பின்தசை, முதுகு ஆகியவற்றைத் தனித்தனியாக அளக்கும் முறைகளிலும் சோதித்தார்கள். தொடைப் பின்தசையின் நீட்சியோடு எண்ணுக்கு இருந்த ஒட்டுறவு 0.64, கீழ்முதுகோடு 0.28. 0.64ஐ அதனாலேயே பெருக்கினால் ஏறக்குறைய 0.41. அதாவது, பிள்ளைக்குப் பிள்ளை எண் மாறுபடுவதில் ஐந்தில் இரண்டு பங்கை மட்டுமே பின்தசை விளக்குகிறது. கீழ்முதுகோ பத்தில் ஒரு பங்கைக்கூட விளக்கவில்லை. பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்து 2014இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் தொகுத்தபோதும் முடிவு இதே பக்கம்தான் சாய்ந்தது: பின்தசைக்கு நடுத்தரமான அளவுகோல், கீழ்முதுகுக்கு மோசமான அளவுகோல். நாம் வகுப்பில் 'முதுகு நெகிழ்வு' என்று கரும்பலகையில் எழுதுவதைத் திருத்திக்கொள்ள இதுவே போதும்.

ஏன் இப்படி என்று கண்ணால் பார்க்கலாம். தரையில் கால் நீட்டி உட்கார்ந்து குனிகிற ஒருவரைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். நான்கு இடங்களிலிருந்து தூரம் கிடைக்கிறது. முதலாவது, இடுப்பெலும்பு தொடைகளின் மேல் முன்னோக்கிச் சாய்வது; இதைத்தான் பின்தசை தடுக்கும். இரண்டாவது, கீழ்முதுகு வளைவது. மூன்றாவது, மேல்முதுகு கூன் போடுவது. நான்காவது, தோள்பட்டை எலும்புகள் விலகி முன்னே நழுவுவது. இந்த நான்கையும் கூட்டிய தொகையைத்தான் விரல்நுனி காட்டுகிறது. எது எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

இரண்டு பிள்ளைகளும் 25 எட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்திக்கு இடுப்பு நன்றாக முன்னே சாய்கிறது, முதுகு மெல்லிய வளைவோடு நீண்டு கிடக்கிறது. இன்னொருவனுக்கு இடுப்பு பின்னோக்கியே நின்றுவிட, மேல்முதுகைக் கூனாக்கித் தோளை இழுத்து எட்டுகிறான். அட்டையில் இருவரும் ஒன்று. மைதானத்தில், வேகமாக ஓடும்போது பின்தசை இறுக்கம் யாருக்குத் தொந்தரவு தரும் என்று கேட்டால் ஒன்றில்லை. இதைப் பிரிக்கக் கருவி வேண்டாம். ஓர் அட்டைப் புத்தகத்தைப் பிள்ளையின் இடுப்பின் பின்பக்கம், முதுகெலும்பு முடிகிற அகன்ற எலும்பின் மேல் ஒட்டினாற்போல் வைத்து, அது தரையோடு என்ன கோணம் செய்கிறது என்று பார்த்தால் போதும். செங்குத்தை நெருங்கி 80 பாகை அளவில் நின்றால் பின்தசை நீளம் சரியானது என்று பிசியோதெரபியில் பழகிய கணக்கு உண்டு. புத்தகம் பின்னால் சாய்ந்தே இருந்தால், எண் எவ்வளவு வந்திருந்தாலும் பின்தசை இறுகித்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பக்கத்து நம்பிக்கை ஒன்றைச் சொல்ல வேண்டும். தோவாளையிலும் ஆரல்வாய்மொழியிலும் வீட்டில் பூக்கட்டுகிற குடும்பத்துப் பிள்ளைகள் மணிக்கணக்கில் தரையில் உட்கார்ந்து பழகியவர்கள், அவர்களுக்கு இந்தத் தேர்வு எளிது என்று எதிர்பார்ப்போம். ஆனால் சம்மணம் போடும்போது முட்டு மடங்கியிருக்கிறது, தொடை வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. அந்த இருப்பில் பின்தசை நீளவே இல்லை, தளர்ந்து கிடக்கிறது. தரையில் இருக்கும் பழக்கம் இடுப்பு மூட்டை வேறு திசையில் பழக்கியிருக்கும். கால் நீட்டிக் குனியும்போது அதன் பலன் தானாக வந்துவிடாது. பஸ்சிமோத்தானாசனம் பழகிய பிள்ளைக்கு வரும், ஏனென்றால் அது இதே இருப்பு.

இனிச் செய்முறை. ஆரல்வாய்மொழியில் முதல் எதிரி காற்று. முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற கணவாய்க் காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை மைதானத்தில் தாளை நிற்க விடாது; பெட்டியின் மேல் ஒட்டிய காகித அளவுகோலும் நிற்காது. 600 மீட்டரை அந்தக் காற்றில் ஓட்டி முடித்துவிட்டுப் புழுதியோடு வந்து உட்கார வைப்பதும் வேண்டாம். வராந்தாவிலோ வகுப்பறையிலோ சுவரோடு சேர்த்துப் பெட்டியைப் போட்டால் காற்றும் இல்லை, பிள்ளை மிதிக்கும்போது பெட்டி பின்னால் நகர்வதும் இல்லை. வழவழப்பான டைல்ஸ் தரையில் பெட்டி நகர்வது பெரும் தவறு; ஒவ்வொரு முயற்சியிலும் எண்ணை மாற்றிவிடும்.

பெட்டியை ஊர்த் தச்சரிடம் செய்துகொள்ளலாம். சுமார் 30 செ.மீ. உயரம், மேல்பலகை பிள்ளை பக்கமாக 23 செ.மீ. நீண்டிருக்க வேண்டும். அந்த நீண்ட விளிம்பில் சுழியம், பாதம் முட்டும் தளத்துக்கு நேரே 23, அதற்கு அப்பாலும் அளவு 50 வரை தொடர வேண்டும். ஆணியடித்த அளவுகோலாக இருந்தால் நல்லது. பாதத்தளத்துக்கு நேரே சிவப்புக் கோடு ஒன்று போட்டு, பக்கத்தில் '23' என்று பெரிதாக எழுதிவிட்டால், பெட்டி எந்த வகை என்ற கேள்வி அடுத்து வருகிற ஆசிரியருக்கு இருக்காது.

பிள்ளை செருப்பு, ஷூ கழற்றி உட்கார வேண்டும். ஷூவோடு உட்கார்ந்தால் அடிப்பகுதியின் கனம் அவ்வளவும் எண்ணில் குறைந்துவிடும். இரண்டு உள்ளங்காலும் முழுதாகப் பலகையில் ஒட்ட வேண்டும். முட்டு நேராக, கைகள் ஒன்றன்மேல் ஒன்று, உள்ளங்கை கீழ்நோக்கி, நடுவிரல்கள் ஒரே நுனியில். மூச்சை விட்டபடி மெல்லக் குனிந்து, எட்டிய இடத்தில் இரண்டு விநாடியாவது நிற்க வேண்டும். நிற்காத எட்டல் கணக்கில் சேராது. நகத்தை விட்டுவிட்டு விரல்நுனிச் சதையைத்தான் படிக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகளிடம் இது அரை சென்டிமீட்டர் விவகாரம்.

முட்டு மடங்குவதுதான் எல்லோரும் செய்கிற, யாரும் எழுதாத தவறு. மேலிருந்து பார்த்தால் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து முட்டுக்கு அடியில் விரல்களை வைத்துப் பார்த்தால், குனிகிற நேரத்தில் இடைவெளி விரிவதை உணரலாம். தொடையின் கீழ்ப்பகுதியை லேசாகப் பிடித்துக்கொள்ளலாம். முட்டுச் சிரட்டையின் மேல் அழுத்தக் கூடாது. பெண் பிள்ளைகளுக்கு அந்தப் பிடியை இன்னொரு மாணவியே பிடிக்கட்டும். பாவாடையும் இறுகிய பேண்ட்டும் வேறு பிரச்சினை: ஒன்றில் முட்டு தெரியாது, இன்னொன்றில் இடுப்பு மடங்காது. தேர்வு நாளை முன்னாலேயே சொல்லி, விளையாட்டு உடையில் வரச் சொன்னால் இரண்டும் தீர்ந்துவிடும்.

இதை மாணவர்களுக்குக் கற்றுத்தர, சரியான முறையைச் செய்து காட்டுவதைவிடத் தவறான முறைகளைச் செய்ய வைப்பது பலன் தருகிறது என்பது என் அனுபவம். ஒருவனைக் கூப்பிட்டு முதலில் ஒழுங்காக எட்டச் சொல்லி எண்ணை எழுதுவேன். பிறகு, "லே மக்கா, இப்பம் கொஞ்சம் முட்ட மடக்கி எட்டு, இவனுவ கண்டுபிடிக்கானுவளான்னு பாப்போம்" என்பேன். அடுத்து ஒரு கையை முன்னே விட்டு. அடுத்து குலுக்கிக் குலுக்கி எக்கி. ஒவ்வொன்றிலும் எண் எவ்வளவு கூடுகிறது என்பதை அவர்களே கரும்பலகையில் எழுதுகிறார்கள். மூன்று தவறுகளையும் சேர்த்துச் செய்கிறவன் ஆசனப் புலியையே தாண்டிவிடுவான். வகுப்பு சிரித்து முடிக்கும்போது விதிகளுக்குக் காரணம் விளங்கிவிடுகிறது.

பிறகு நான்கு பேர் கொண்ட குழுக்கள்: ஒருவர் எட்டுகிறவர், ஒருவர் முட்டு பார்க்கிறவர், ஒருவர் அளவு படிக்கிறவர், ஒருவர் எழுதுகிறவர். எல்லாக் குழுவும் முதலில் ஒரே மாணவனை அளக்கட்டும். குழுக்களுக்கிடையே எண் 2 செ.மீ.க்கு மேல் வேறுபட்டால், அளக்கிறவர்கள் இன்னும் தயாராகவில்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் வகுப்பு முழுவதையும் அளக்க விடுவது, எண்களைச் சேர்ப்பதற்காக எண்களைச் சேர்ப்பது.

எத்தனை முயற்சி? முதல் எட்டல் எப்போதும் குறைவாகவே வரும். உடம்பு பழகப் பழக இரண்டாவது, மூன்றாவது கூடும். 1980இன் அமெரிக்க முறையில் நான்கு முறை எட்டி நான்காவதை எழுதினார்கள். சிறந்ததை எழுதுவதும் வழக்கத்தில் உண்டு. எதுவானாலும் சரி, ஜூனிலும் ஜனவரியிலும் ஒரே விதி இருக்க வேண்டும். அதே போல் உடல் சூடேற்றுவதும், அளக்கும் வேளையும். காலையில் எழுந்ததும் முதுகெலும்புத் தட்டுகளில் நீர் நிறைந்து கீழ்முதுகு விறைத்திருக்கும். நேரம் போகப் போக அது தளரும். காலை முதல் பீரியடில் அளந்த எண்ணைப் பிற்பகல் மூன்று மணி எண்ணோடு ஒப்பிட்டு 'முன்னேற்றம்' என்று எழுதினால், அந்த முன்னேற்றத்தைத் தந்தது கடிகாரம்.

இப்போது ஒரு பையனைப் பார்ப்போம். எட்டாம் வகுப்பு. 23 என்ற பெட்டியில் ஜூனில் 22, ஜனவரியில் 19. அட்டை மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது, அவன் அம்மா கேட்கிறார்: "என்ன சார், பிள்ளைக்கு எளிச்சம் கொறைஞ்சு போச்சா?" அந்தக் காலத்தில் அவன் 5 செ.மீ. வளர்ந்திருக்கிறான். வளர்ச்சி வேகம் பிடிக்கும் வயதில் கால் முதலில் நீளும், உடம்பின் மேல்பகுதி பின்னால்தான் வந்து சேரும். காலுக்கும் கைக்கும் உள்ள பொருத்தம் அந்த நேரத்தில் பாதகமாகிறது: பாதம் தள்ளிப் போய்விட்டது, கை அதே வேகத்தில் நீளவில்லை. ஆண் பிள்ளைகளின் சராசரி எண் பத்து வயதுக்குப் பிறகு சற்று இறங்கி மறுபடி ஏறுவதும், பெண் பிள்ளைகளின் எண் எல்லா வயதிலும் அதைவிட மேலே இருப்பதும் பல நாட்டு அளவீடுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஆணையும் பெண்ணையும் ஒரே பட்டியலில் வரிசைப்படுத்தக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

அவன் விஷயத்தைச் சோதிக்க, அமெரிக்காவின் வெர்னர் ஹோகர் சொன்ன மாற்று முறை உதவும். பிள்ளை தலையும் முதுகும் சுவரில் ஒட்டியபடி கால் நீட்டி உட்கார்ந்து, தோளை மட்டும் முன்னே விட்டுக் கையை நீட்ட வேண்டும். அங்கே விரல் நிற்கும் இடம்தான் அவனுடைய சுழியம். அங்கிருந்து குனிந்து எட்டிய தூரமே அவன் எண். நம் பையனுக்குச் சுவரோடு இருக்கும்போது விரல் பாதத்துக்கு 34 செ.மீ. முன்னே நிற்கிறது என்று கொள்வோம். குனிந்து 19 என்ற கோட்டைத் தொட்டால் பாதத்துக்கு 4 செ.மீ. குறைவு, நகர்ந்த தூரம் 30. பக்கத்தில் குட்டைக் காலும் நீளக் கையுமாக ஒருவன். சுவரோடு இருக்கும்போதே அவன் விரல் பாதத்துக்கு 24 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. அவன் 27ஐத் தொட்டுக் கைதட்டல் வாங்குகிறான். நகர்ந்த தூரம் 28. அட்டையில் 8 செ.மீ. பின்தங்கியவன் உண்மையில் 2 செ.மீ. கூடுதலாகக் குனிந்திருக்கிறான்.

இதனால் ஹோகர் முறையையே எல்லோருக்கும் வைத்துவிடலாமா என்றால், அதுவும் சரிவரவில்லை. பின்தசை நீளத்தோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்தபோது பழைய முறையைவிட அது மேலாக நிற்கவில்லை. கை, கால் விகிதம் ஓரங்களில் இருக்கிற சில பிள்ளைகளுக்குத்தான் அது நியாயம் செய்கிறது. சந்தேகம் வந்த பிள்ளைக்கு இரண்டாவது பார்வையாக வைத்துக்கொள்வதே போதும்.

அப்படியானால் 19 மோசமா? அமெரிக்கப் பள்ளிகளின் ஃபிட்னஸ்கிராம், ஒரு காலை மடக்கி ஒரு கால் ஒரு காலாக அளக்கும் முறையில், ஆண் பிள்ளைகளுக்கு எந்த வயதிலும் 8 அங்குலம் போதும் என்கிறது. பாதக் கோடு 9 அங்குலத்தில், அதாவது 23 செ.மீ.யில், உள்ள அதே பெட்டியில் அது பாதத்துக்கு ஓர் அங்குலம் முன்பே நிற்பது, சுமார் 20 செ.மீ. பெண் பிள்ளைகளுக்கு வயதைப் பொறுத்து 9, 10, 12 அங்குலம். கால் விரலைத் தொட்டால்தான் ஆரோக்கியம் என்பது அங்கேயே கிடையாது. 12 அங்குலத்துக்கு மேல் எட்டினாலும் 12 என்றே எழுதுகிறார்கள், அளவுக்கு மீறி நெகிழ்வதைப் போட்டியாக்க வேண்டாம் என்பதற்காக. கை மணிக்கட்டு, முழங்கை, முட்டு எல்லாம் பின்னோக்கி வளைகிற பிள்ளை 40 எட்டும்போது பாராட்டுவதற்கு முன் ஒருமுறை மூட்டுகளைக் கவனிப்பது நல்லது. நம் பையனின் 19 அந்த 8 அங்குல வரம்புக்கு ஒரு சென்டிமீட்டர்தான் கீழே.

அந்த ஒரு சென்டிமீட்டருக்கு அர்த்தம் உண்டா என்பது அடுத்த கேள்வி. இதற்கு விடை வெளியே இல்லை, உங்கள் வகுப்பிலேயே இருக்கிறது. எந்தப் பயிற்சியும் கொடுக்காமல் திங்கள்கிழமையும் புதன்கிழமையும் ஒரே நேரத்தில், ஒரே பெட்டியில், அதே குழுக்களை வைத்து அளந்து பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டு நாள் எண்களும் 2 செ.மீ.க்குள் முன்னே பின்னே இருந்தால், உங்கள் பள்ளியில் 2 செ.மீ. மாற்றம் வெறும் அளவைத் தடுமாற்றம். அதற்கு மேல் போனால்தான் பேச்சு. பையனின் 3 செ.மீ. இறக்கம் அந்த எல்லையைச் சற்றே தாண்டுகிறது, 5 செ.மீ. வளர்ச்சி அதை எளிதாக விளக்கிவிடுகிறது. அம்மாவிடம் சொல்ல வேண்டியது: "எளிச்சம் ஒண்ணும் குறையல்ல அம்மா, காலு நீண்டிருக்கு."

இந்த எண்ணால் சொல்ல முடியாததையும் சொல்லிவிட வேண்டும். கீழ்முதுகு வலியை முன்கூட்டிச் சொல்லும் என்ற பழைய நம்பிக்கைக்கு வலுவான ஆதாரம் வரவில்லை. 2012இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் நிபுணர் குழு, இளையோர் உடற்தகுதியைத் தேசிய அளவில் அளக்க எந்தெந்தத் தேர்வு வேண்டும் என்று ஆராய்ந்தபோது, ஆரோக்கியத்தோடு தொடர்பு நிறுவப்படாததால் நெகிழ்வுத் தேர்வு எதையும் பரிந்துரைக்கவில்லை. ஆகவே ஒரு பள்ளியில் எல்லோரும் 25க்கு மேல் என்றால் பிள்ளைகளுக்கு முதுகு வலி வராது என்று ஆண்டறிக்கையில் எழுதக் கூடாது. தொடைப் பின்தசை இறுகியவர்கள் யார், நீட்சிப் பயிற்சி சில வாரம் கொடுத்தபின் அவர்களிடம் மாற்றம் வந்ததா என்று பார்ப்பதற்கு இது நல்ல, மலிவான கருவி. அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. "சார், கால் பின்னாடி இழுக்கு" என்று பிள்ளை சொல்வது எதிர்பார்த்த இழுப்பு. தொடையின் நடுப்பகுதியில் இருக்கும், நிமிர்ந்ததும் போய்விடும். முதுகிலிருந்து கெண்டைக்கால் வரை மின்சாரம் போல ஓடுகிறது, பாதம் மரத்துப்போகிறது, ஒரு காலில் மட்டும் வலிக்கிறது என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு, எண்ணுக்குப் பதிலாக 'அளக்கவில்லை' என்று எழுதி, பெற்றோரிடம் மருத்துவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மற்றவர்களுக்குப் பதிவேட்டில் ஒரு வரி போதும்: பெட்டியில் பாதக் கோடு 23, பிற்பகல் 3 மணி, சூடேற்றிய பின், மூன்றில் சிறந்தது 19.0, முட்டு நேர், இடுப்பு சாய்வு குறைவு, உயரம் ஜூனிலிருந்து 5 செ.மீ. கூடியது.